ஆறு இலக்கம், ஒரு ரகசியம், இரண்டு கடிகாரங்கள்

வங்கியிலிருந்து குறுஞ்செய்தியாக வரும் ஓடிபியும், ஆத்தென்டிகேட்டர் செயலியில் 30 வினாடிக்கொரு முறை மாறும் ஆறிலக்க எண்ணும் பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கும். ஆனால் பிறக்கும் விதம் வேறு. முதலாவதை வங்கியின் கணினி உருவாக்கி உங்களுக்கு அனுப்புகிறது. இரண்டாவதை யாரும் அனுப்புவதில்லை. சிம்மைக் கழற்றி வைஃபையை அணைத்துவிட்டாலும் செயலியில் எண் மாறிக்கொண்டேதான் இருக்கும். உங்கள் போன் ஒரு கணக்கைப் போடுகிறது, எதிர்ப்பக்கம் சர்வரும் அதே கணக்கைத் தனியாகப் போடுகிறது, இரண்டு விடையும் ஒத்துப்போனால் உள்ளே விடுகிறார்கள். டிஓடிபி எனப்படும் இந்த முறையை 2011இல் வெளியான ஆர்எஃப்சி 6238 என்ற ஆவணம் வரையறுத்தது. கணக்குக்குள் போகிறவை இரண்டே பொருள்கள்: இருவரிடமும் இருக்கும் ஒரு ரகசியச் சாவி, இருவரும் பார்க்கும் நேரம். நேரம் தவறினால் எண் நிராகரிக்கப்படும், தவறு அங்கேயே தெரிந்துவிடும், சில நிமிடங்களில் சரிசெய்தும் விடலாம். சாவி வெளியே போனால் எந்த அறிகுறியும் இருக்காது. ஆகவே எண் வேலை செய்யாதபோது கடிகாரத்தைப் பாருங்கள். எண் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கும்போதுதான் சாவியைப் பற்றி யோசிக்க வேண்டும். கீழே வரும் படிகளெல்லாம் இந்த வேறுபாட்டிலிருந்து பிறப்பவை.

முதல் படி, கியூஆர் கோடு திரையில் தோன்றும் நேரத்தில் நிகழ்கிறது. அந்தக் கட்டங்களுக்குள் இருப்பது ஒரே ஒரு வரி எழுத்து.

```
otpauth://totp/Demo:kavitha?secret=GEZDGNBVGY3TQOJQGEZDGNBVGY3TQOJQ&issuer=Demo
```

இதில் `secret=` என்பதற்குப் பின்னால் வருவதுதான் சாவி. மற்றவை செயலியில் பெயர் காட்டுவதற்கு. ஸ்கேன் செய்வதற்கு முன், ‘ஸ்கேன் செய்ய முடியவில்லை’ என்ற பொருளில் அருகில் இருக்கும் இணைப்பைத் தொட்டால் பெரும்பாலான தளங்கள் சாவியை எழுத்தாகவே காட்டும். அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஏ முதல் இசட் வரையிலான 26 எழுத்துகளும், 2 முதல் 7 வரையிலான 6 இலக்கங்களும் மட்டுமே அதில் வரும். பூஜ்யமும் ஒன்றும் எட்டும் ஆங்கில எழுத்துகளோடு குழம்பும் என்பதால் விலக்கி வைத்திருக்கிறார்கள். நீங்கள் எழுதிய தாளில் பூஜ்யம் போலத் தெரிவது நிச்சயமாக ஓ என்ற எழுத்துதான். எழுதி முடித்ததும், தாளைப் பார்த்து இன்னொரு சாதனத்தில் சாவியைத் தட்டச்சு செய்து, இரண்டு திரையிலும் ஒரே எண் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் தாளில் பிழை இல்லை. இந்தச் சோதனையை முடித்த பிறகே தளத்தில் எண்ணை உள்ளிட்டுப் பதிவை உறுதிசெய்யுங்கள்.

அடுத்து, கணக்கை ஒரு முறை கையால் போட்டுப் பார்ப்போம். மேலே கொடுத்திருக்கும் சாவி ஆர்எஃப்சி 6238 ஆவணத்திலேயே சோதனைக்காக அச்சிடப்பட்டது, அதனால் தயங்காமல் பயன்படுத்தலாம். கணினி உலகில் நேரம் 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவிலிருந்து கழிந்த வினாடிகளாக எண்ணப்படுகிறது. 59 வினாடி கழிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 30ஆல் வகுத்து மீதியை விட்டுவிட்டால் 1. இந்த 1ஐயும் சாவியையும் எச்மேக் என்ற கலவைச் சூத்திரத்துக்குள் போட்டால் 20 பைட் நீளமுள்ள ஒரு விடை வரும்.

```
75a48a19d4cbe100644e8ac1397eea747a2d33ab
```

இவ்வளவு நீளத்தை யாரும் தட்டச்சு செய்ய முடியாது. அதனால் சுருக்க வேண்டும். கடைசி எழுத்தைப் பாருங்கள்: `b`. பதினாறடிமான எண் முறையில் அதன் மதிப்பு 11. பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கி 11ஆம் இடத்துப் பைட்டிலிருந்து நான்கை எடுத்தால் `c1397eea`. எதிர்மறை எண் என்ற குழப்பம் வராமலிருக்க முதல் பிட்டை நீக்கினால் `41397eea`. சாதாரண எண்ணாக மாற்றினால் 1094287082. அதன் கடைசி ஆறு இலக்கங்கள் 287082. செயலியில் தெரிந்திருக்க வேண்டிய எண் அதுதான். லினக்ஸ் கணினி இருந்தால் `oathtool` என்ற கருவியை நிறுவி நீங்களே சரிபார்க்கலாம்.

```
oathtool --totp -b -N "1970-01-01 00:00:59 UTC" GEZDGNBVGY3TQOJQGEZDGNBVGY3TQOJQ
```

நேரத்தை ஒரே ஒரு வினாடி நகர்த்தி 60 ஆக்கினால் வகுத்த விடை 2 ஆகிவிடும், எண் 359152 என்று மாறிவிடும். முந்தைய எண்ணுக்கும் இதற்கும் எந்தச் சாயலும் இல்லை. நேரம் கிட்டத்தட்டச் சரியாக இருந்தால் எண்ணும் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும் என்பது இங்கே செல்லாது. (உங்கள் சொந்தச் சாவியை இப்படிக் கட்டளை வரியில் எழுதாதீர்கள். அது வரலாற்றுக் கோப்பில் அப்படியே தங்கிவிடும்.)

இப்போது கடிகாரத்துக்கு வருவோம். சென்னையிலிருந்து துபாய் போகிற ஒருவர் போனின் தானியங்கி நேரத்தை அணைத்து வைத்திருக்கிறார் என்று கொள்வோம். இறங்கியதும் உள்ளூர் நேரத்துக்காக முள்ளை ஒன்றரை மணி நேரம் பின்னுக்குத் தள்ளுகிறார். ஆனால் நேர மண்டலம் இந்தியா என்றே இருக்கிறது. திரையில் மணி சரியாகத்தான் தெரியும். உள்ளே எண்ணப்படும் வினாடிகளோ 5400 குறைந்துவிட்டன, அதாவது 180 படி பின்னால். எந்த எண்ணும் ஏறாது. மண்டலத்தைத் துபாய் என்று மாற்றியிருந்தால் உள்ளே இருக்கும் வினாடிக் கணக்கு அசைந்திருக்காது, எண்ணும் வேலை செய்திருக்கும். தீர்வு எளிது: அமைப்புகளில் நேரம், மண்டலம் இரண்டையும் ‘தானியங்கி’ என்று வையுங்கள். சில வினாடியே பிசகியிருக்கும் போன் இதைவிட நம்மை ஏமாற்றும். பொதுவாகச் சர்வர் முந்தைய படி, நடப்புப் படி, அடுத்த படி என மூன்று எண்களை ஏற்கும். போன் 40 வினாடி பின்தங்கியிருந்தால், அது சில நேரம் ஒரு படியும் சில நேரம் இரண்டு படியும் பின்னால் நிற்கும். ஒரு படி என்றால் ஏற்பு, இரண்டு என்றால் நிராகரிப்பு. கணக்குப் போட்டுப் பார்த்தால், செயலியில் எண் மாறுவதற்கு முந்தைய கடைசி 10 வினாடியில் தோற்கும், மற்ற 20 வினாடியில் வெல்லும். பயன்படுத்துபவர் ‘தாமதமாகத் தட்டிவிட்டேன்’ என்று தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுவார். மூன்றில் ஒரு முறை தவறும் எண் உங்களுக்கு இருந்தால் கையைக் குறைசொல்லாதீர்கள், போனின் நேரத்தைச் சரிபாருங்கள். அலுவலகத்தில் ஒருவருக்கு மட்டும் தவறினால் அவர் போன், எல்லோருக்கும் ஒரே நாளில் தவறினால் சர்வரின் கடிகாரம். சர்வரில் `timedatectl` என்று கொடுத்துப் பார்த்தால், `System clock synchronized: yes` என்ற வரி இருக்க வேண்டும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, சர்வர் முன்னும் பின்னும் ஐந்து நிமிட எண்களை ஏற்றுக்கொள்ளட்டுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அப்படிச் செய்தால் ஒரே நேரத்தில் 21 எண்கள் செல்லும். கண்ணை மூடிக்கொண்டு ஊகிப்பவனுக்கு வாய்ப்பு, மூன்று எண்களை ஏற்கும் சர்வரில் இருந்ததைவிட ஏழு மடங்கு கூடும். தோளுக்குப் பின்னால் நின்று எண்ணைப் பார்த்தவனுக்கும் ஐந்து நிமிடம் கிடைக்கும். ஆர்எஃப்சி 6238 வேறு வழி சொல்கிறது. வலைத் தாமதத்துக்கு ஒரு படிக்கு மேல் சலுகை தராதே, ஒரு சாதனம் எத்தனை படி விலகியிருக்கிறது என்பதை வெற்றிகரமான ஒவ்வொரு நுழைவின்போதும் குறித்துவைத்துக்கொள், அடுத்த முறை அந்த இடத்திலிருந்து தேடு. சாவிக்கொத்தில் தொங்கும் சிறு டோக்கன்களுக்கு இது அவசியம். அவற்றில் இருப்பது வலையோடு தொடர்பில்லாத குவார்ட்ஸ் கடிகாரம். பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகு என்றால் ஒரு நாளைக்கு ஒன்றே முக்கால் வினாடி, ஒரு வருடத்துக்குப் பத்து நிமிடத்துக்கும் மேல். அடிக்கடி பயன்படும் டோக்கனைச் சர்வர் தொடர்ந்து பின்பற்றிவிடும். ஒரு வருடம் மேசை இழுப்பறையில் கிடந்த டோக்கன்தான் எல்லையைத் தாண்டிப் போயிருக்கும். நிர்வாகியிடம் கொடுத்து மறுபடி ஒத்திசைத்துக்கொள்ள வேண்டும்.

கடிகாரம் இப்படி முறையிட்டுக்கொண்டாவது இருக்கும். சாவி வாயே திறக்காது. கடவுச்சொல்லைச் சர்வர் திரும்பப் பெற முடியாத சுவடாக மாற்றி வைக்கலாம். டிஓடிபி சாவியை அப்படி வைக்க முடியாது, ஏனென்றால் சர்வரும் கணக்குப் போட வேண்டும், அதற்கு அசல் வேண்டும். 2011 மார்ச்சில் ஆர்எஸ்ஏ நிறுவனத்துக்குள் நுழைந்தவர்கள் செக்யூர்ஐடி டோக்கன்கள் தொடர்பான தகவல்களைத் திருடிச் சென்றார்கள். அந்த டோக்கன்களின் சூத்திரம் வேறு, ஆனால் பகிர்ந்த ரகசியமும் கடிகாரமும்தான் அவற்றுக்கும் அடிப்படை. அடுத்த சில மாதங்களில் டோக்கன்களை மாற்றித்தர நிறுவனம் முன்வர வேண்டியிருந்தது. அப்படியானால் இது கடவுச்சொல்லைவிட மோசமில்லையா என்றால், இல்லை, கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொன்றாக நிற்பதால்தான். ஆனால் இரண்டையும் ஒரே தரவுத்தளத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைக்கும் சர்வர் இரண்டையும் ஒரே நாளில் இழக்கும். சாவிகளை மறையாக்கம் செய்து, அவற்றைத் திறக்கும் திறவுகோலை வேறிடத்தில் வைப்பது நிர்வாகியின் கடமை. உங்கள் பக்கத்தில், கியூஆர் கோட்டின் ஸ்கிரீன்ஷாட் கேலரியில் கிடந்து, கிளவுடுக்குத் தானாக ஏறியிருந்தால், அதைப் பார்க்கும் யாருடைய போனிலும் உங்கள் எண் ஓடத் தொடங்கிவிடும். எத்தனை சாதனங்களில் ஓடுகிறது என்பதைச் சர்வர் அறியவே முடியாது.

போலித் தளத்தில் நீங்களே எண்ணைத் தட்டிக் கொடுத்தால், அதே அரை நிமிடத்துக்குள் அசல் தளத்தில் அதைப் போட்டு நுழைந்துவிடுகிறார்கள் என்பதும் உண்மை. இந்தக் கணக்கில் தளத்தின் முகவரி எங்கும் வரவில்லை, அதனால் இந்த ஏமாற்றை அது தடுக்காது. முகவரியோடு பிணைக்கப்பட்ட பாஸ்கீ கிடைக்கும் இடத்தில் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய போனை விற்பதற்கு முன் செயலியை அழித்தால் மட்டும் போதாது. சர்வரில் அதே சாவிதான் இருக்கும், அதன் நகல் எங்கே இருந்தாலும் செல்லும். தளத்துக்குள் சென்று இரண்டடுக்குப் பாதுகாப்பை அணைத்து, மறுபடி இயக்கி, புதிய கியூஆர் கோட்டைப் பெறுங்கள். அந்த நொடியில்தான் பழைய சாவியின் எல்லா நகல்களும் செத்துப்போகும்.