சொட்டுக் கணக்கு

கேள்வி: 500 மி.லி. சலைன் 4 மணி நேரத்தில் ஏற வேண்டும். மில்லிக்கு 20 சொட்டு. நிமிடத்துக்கு 2,500 என்று வருகிறதே?
– நர்சிங் மாணவி, அரூர்

பதில்: மணியை நிமிடமாக்காமல் வகுத்துவிட்டீர்கள். 2,500 சொட்டு என்றால் அது டிரிப் அல்ல, குழாயடி! 500-ஐ 20-ஆல் பெருக்கினால் மொத்தம் 10,000 சொட்டு. 4 மணி என்பது 240 நிமிடம். வகுத்தால் 41.67; அரைச் சொட்டு விழாது, ஆகவே 42 என்று எழுதுங்கள்.

சரிபார்க்க, திருப்பிப் போடுங்கள்: 42 சொட்டு என்பது 2.1 மில்லி, 240 நிமிடத்தில் 504 மில்லி. சரிதான்.

கேள்வியில் ‘மைக்ரோ செட்’ என்றிருந்தால் மில்லிக்கு 60 சொட்டு. அப்போது மணிக்கு எத்தனை மில்லியோ, நிமிடத்துக்கு அத்தனை சொட்டு, இதற்கு 125. வார்டிலோ, செட்டின் உறையில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்த பிறகே கணக்குப் போட வேண்டும்.