மாட்டுவண்டி எப்படி நகர்கிறது?

கேள்வி: மாடு வண்டியை இழுக்கும் அதே விசையோடு வண்டியும் மாட்டைப் பின்னுக்கு இழுக்கிறது என்றால், வண்டி நகரவே கூடாதே?

பதில்: நியாயமான சந்தேகம். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி அந்த இரண்டு விசைகளும் சமம்தான். ஆனால் ஒன்று வண்டியின் மேல், மற்றது மாட்டின் மேல். அதனால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளாது.

வண்டியை மட்டும் பாருங்கள். நிறை 500 கிலோ. மாடு 400 நியூட்டன் விசையோடு இழுக்க, உராய்வு 300 நியூட்டன் தடுக்கிறது. மிச்சம் 100. அதை 500-ஆல் வகுத்தால் முடுக்கம் 0.2 மீ/வி². இது இரண்டாம் விதி. வேகம் பிடித்தபின் மாடு 300 நியூட்டன் இழுத்தாலே போதும். நிகர விசை சுழியம் என்பதால் முதல் விதிப்படி வண்டி அதே வேகத்தில் போகும்.

மாடு எப்படி முன்னேறுகிறது? குளம்பால் தரையைப் பின்னுக்குத் தள்ளுகிறது. தரை மாட்டை முன்னுக்குத் தள்ளுகிறது. சேற்றில் குளம்பு வழுக்கும்போது இந்தத் தள்ளல் குறைந்துவிடும், வண்டி நின்றுவிடும்.