கடை சூபர்வைசர் பயோடேட்டா: புல்லட் வரிகளில் எந்த எண்ணைத் தருவது?

கொடைக்கானலில் ஒரு டிபார்ட்மெண்ட் ஸ்டோரில் சூபர்வைசராக இருக்கும் நண்பர் ஒருவர், பல கிளைகளைக் கவனிக்கும் ஏரியா ஆபரேஷன்ஸ் வேலைக்கு விண்ணப்பிக்கத் தன் பயோடேட்டாவை என்னிடம் கொண்டு வந்தார். "ஸ்டாக் பார்த்தேன், பணியாளர்களை மேற்பார்வை செய்தேன், விற்பனையை 60% உயர்த்தினேன்" என்று மூன்று புல்லட் வரிகள் இருந்தன. முதல் இரண்டை எந்தச் சூபர்வைசரும் எழுதலாம். மூன்றாவதுதான் ஆபத்து.

அந்த 60% பிப்ரவரியையும் மே மாதத்தையும் ஒப்பிட்டதில் வந்தது. மே மாதம் கொடைக்கானலில் சீசன். கூட்டம் தானாக வரும். ஒரு மே மாதத்தை முந்தைய ஆண்டின் மே மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். அதிலும் 2024 மே 7 முதல் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் வந்துவிட்டதால், 2023, 2024 மே மாதங்களை ஒப்பிட்டால் அதையும் நேர்காணலில் சொல்லத் தயாராக இருங்கள். நான் அந்த வரியையே நீக்கச் சொன்னேன்.

அதற்குப் பதில் சரக்கு இழப்பை எடுத்தோம். இது அவர் கையில் இருந்த விஷயம். முதல் ஆண்டு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை விற்பனை 20 லட்சம் ரூபாய். கணக்குப்படி இருக்க வேண்டிய சரக்கைவிட எண்ணிப் பார்த்தது 28,000 ரூபாய் குறைவு. அதாவது 1.4%. காலாவதியான சீஸ், சாக்லேட்டை யாரும் பதிவு செய்யாமல் எறிந்ததும் அதில் அடக்கம். அடுத்த ஆண்டு அவற்றைத் தினமும் பதிய வைத்தார். தேதி நெருங்கியவற்றை முன்வரிசைக்கு மாற்றினார். அதே ஆறு மாதத்தில் விற்பனை 24 லட்சம், குறைவு 12,000, பதிவான காலாவதி 9,000.

இங்கே 12,000-ஐ மட்டும் எடுத்தால் 0.5% என்று அழகாக வரும். ஆனால் இழப்பின் ஒரு பகுதி வேறு தலைப்புக்குப் போய்விட்டது, அவ்வளவே. அனுபவமுள்ள மேலாளர் "காலாவதி எங்கே?" என்று உடனே கேட்பார். எனவே இரண்டையும் கூட்டுங்கள். எக்ஸெலில் B2-ல் கணக்குச் சரக்கு, C2-ல் எண்ணிய சரக்கு, D2-ல் விற்பனை, E2-ல் பதிவான காலாவதி மதிப்பைக் கொடுத்து இதை டைப் செய்யுங்கள்:

```
=(B2-C2+E2)/D2*100
```

முதல் ஆண்டுக்கு E2-ல் 0 கொடுங்கள். விடை 1.4, அடுத்த ஆண்டுக்கு 0.875. வரி இப்படி ஆனது:

"காலாவதிப் பொருள்களைத் தினமும் பதியும் முறையைக் கொண்டுவந்து, மொத்தச் சரக்கு இழப்பை விற்பனையில் 1.4 சதவீதத்திலிருந்து 0.9 சதவீதமாகக் குறைத்தேன் (ஏப்ரல்–செப்டம்பர், இரு ஆண்டுகள்)."

ஒரு கடையைத் தாண்டியும் யோசிப்பவரா என்பதற்கு இன்னொரு வரி வேண்டும். சனிக்கிழமை வத்தலக்குண்டு மலைப்பாதை நெரிசலில் லாரி தாமதமாவதைப் பார்த்து, சரக்கு வரும் நாளைப் புதன்கிழமைக்கு மாற்றியிருக்கிறார். பக்கத்துக் கிளையும் அதைப் பின்பற்றியது. இவ்வளவு நல்ல விஷயத்தை அவர் எழுதவே இல்லை! இதை முதல் புல்லட்டாக வைத்தோம்.

ஆங்கிலத்தில் எழுதும்போதும் செய்தது, விளைவு, காலம் மூன்றும் ஒரே வரியில் வரட்டும். வேர்டில் வரியின் தொடக்கத்தில் * டைப் செய்து ஸ்பேஸ் பாரைத் தட்டினால் புல்லட் வந்துவிடும். அனுப்பும்போது PDF ஆகச் சேமித்து அனுப்புங்கள். எக்ஸெல் ஷீட்டை நேர்காணலுக்குக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.