ஷரத்துப் பதிவேடு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஒரு நிறுவனம் வெளியாரிடமிருந்து தொடர்ந்து சேவை வாங்கும்போது, ஒவ்வொரு வேலைக்கும் புதிதாகப் பேரம் பேசாமல் பொது நிபந்தனைகளை ஒரே ஆவணத்தில் எழுதிக்கொள்கிறது. அதுவே மாஸ்டர் சர்வீசஸ் அக்ரிமென்ட், வழக்கில் எம்எஸ்ஏ. அதன் கீழ் வேலைக்கொரு பணி ஆணை வரும். சேவைத் தரத்துக்குத் தனி இணைப்பு இருக்கும். இந்தக் காகிதங்களில் சிதறிக் கிடக்கும் தேதிகளையும் கடமைகளையும் எடுத்து வரிசையாக எழுதி வைப்பது ஷரத்துப் பதிவேடு. பெரும்பாலும் அது ஓர் எக்செல் தாள்தான்.

நம்பிக்கை: பதிவேடு என்பது ஒப்பந்தத்தின் சுருக்கம்.

சுருக்கம் வேறு, பதிவேடு வேறு. ஷரத்து என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கம் தெரிவிக்கும். யார், என்ன, எந்த நிகழ்விலிருந்து எண்ணி, எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்பதைப் பதிவேடு தெரிவிக்கும். அதனால் ஒரு ஷரத்து மூன்று வரிசைகளாகப் பிரியலாம். ஒரு வரிசைக்கு மூன்று ஷரத்துகளைப் படிக்க வேண்டியும் வரலாம். ஷரத்து எண்ணும் அதன் மூல வாசகமும் மாற்றமின்றி ஒரு கட்டத்தில் இருக்க வேண்டும். கணக்கிட்டு எடுத்த தேதி வேறொரு கட்டத்தில் இருக்க வேண்டும். இரண்டையும் கலந்து எழுதினால், பின்னால் தகராறு வரும்போது ஒப்பந்தம் சொன்னது எது, தாளைத் தயாரித்தவர் புரிந்துகொண்டது எது என்று பிரிக்க முடியாது.

நம்பிக்கை: புதுப்பிப்புத் தேதி என்றால் ஒப்பந்தம் முடியும் தேதி.

அதிகம் பணம் போவது இந்த இடத்தில்தான். சென்னை நிறுவனம் ஒன்று சர்வர் பராமரிப்புக்குப் போட்ட ஒப்பந்தம் என்று ஒரு மாதிரியை வைத்துக்கொள்ளலாம். கையெழுத்தான நாள் 2023 ஆகஸ்ட் 3. ஆனால் நடைமுறைக்கு வரும் நாள் 2023 ஜூலை 15 என்று முதல் பக்கம் சொல்கிறது. காலம் 36 மாதங்கள். ‘முடிவுக்குக் குறைந்தது 90 நாட்களுக்கு முன் எழுத்தில் நோட்டீஸ் தராவிட்டால் மேலும் 12 மாதங்களுக்குத் தானாகப் புதுப்பிக்கப்படும்’ என்பது ஷரத்து.

முதல் பிசகு கையெழுத்துத் தேதியிலிருந்து எண்ணுவது. சரியான தொடக்கம் ஜூலை 15. அந்த நாளையும் சேர்த்து எண்ணினால் ஒப்பந்தம் 2026 ஜூலை 14 அன்று முடிகிறது. தொடக்க நாளை விட்டுவிட்டு எண்ணினால் ஜூலை 15 என்றும் வாதிடலாம். ஒப்பந்தம் தெளிவாகச் சொல்லாதபோது பதிவேட்டில் முந்தைய தேதியை எழுதுவதே பாதுகாப்பு. ஜூலை 14இலிருந்து 90 நாட்கள் பின்னோக்கிப் போனால் ஏப்ரல் 15 வருகிறது. ‘குறைந்தது’ என்ற சொல் இருப்பதால், இரு முனை நாட்களையும் விட்டு இடையில் முழுதாக 90 நாட்கள் வேண்டும் என்று எதிர்த்தரப்பு சொல்ல இடமுண்டு; அப்படியானால் ஏப்ரல் 14. அன்று தமிழ்ப் புத்தாண்டு, அம்பேத்கர் பிறந்தநாளும்கூட, விடுமுறை. ஆகவே நோட்டீஸ் ஏப்ரல் 13 திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

கணக்கு இதோடு முடியவில்லை. நோட்டீஸ் ஷரத்து வழக்கமாக ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில், யாரும் படிக்காத இடத்தில் இருக்கும். மாதிரியில் அது, மின்னஞ்சல் செல்லாது, பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும், அனுப்பிய பின் ஐந்தாவது வேலை நாளில் கிடைத்ததாகக் கொள்ளப்படும் என்கிறது. சனி, ஞாயிறு நீங்கலாக எண்ணினால் தபாலில் சேர்க்கக் கடைசி நாள் ஏப்ரல் 6. ஜூலை 14 என்று மட்டும் குறித்து வைத்து, ஒரு மாதம் முன்னால் நினைவூட்டல் வைத்திருப்பவர் விழித்துக்கொள்ளும்போது இன்னும் ஓராண்டுக் கட்டணம் உறுதியாகியிருக்கும். பதிவேட்டில் முடியும் தேதி, நோட்டீஸ் சேர வேண்டிய தேதி, அனுப்ப வேண்டிய தேதி மூன்றும் தனித்தனிக் கட்டங்களில் இருக்க வேண்டும். நினைவூட்டல் மூன்றாவதற்குத்தான், அதுவும் முடிவெடுக்கப் போதிய அவகாசத்தோடு.

நம்பிக்கை: பெனால்டி எழுதியிருந்தால் அது தானாக வந்துவிடும்.

அதே மாதிரியில் மாதக் கட்டணம் 12 லட்சம் ரூபாய். சேவை மாதத்தில் 99.5 சதவீத நேரம் கிடைக்க வேண்டும். அதற்குக் கீழே ஒவ்வொரு 0.5 சதவீதக் குறைவுக்கும் கட்டணத்தில் 2 சதவீதம் கழிவு. ஒரு மாதம் 98.6 சதவீதம்தான் கிடைத்தது. குறைவு 0.9. ‘ஒவ்வொரு முழு 0.5’ என்று வாசகம் இருந்தால் கழிவு 24,000 ரூபாய். ‘அல்லது அதன் பகுதி’ என்றும் சேர்ந்திருந்தால் 48,000. பதிவேட்டில் ‘2% பெனால்டி’ என்று எழுதியவர் இந்த வேறுபாட்டைத் தொலைத்துவிட்டார்.

இதைவிட முக்கியமானது, கழிவைக் கேட்டுப் பெற வேண்டும் என்பது. மாத அறிக்கை வந்த 30 நாட்களுக்குள் எழுத்தில் கோராவிட்டால் உரிமை போய்விடும் என்று இணைப்பின் அடியில் ஒரு வரி இருக்கும். ஆகவே ஒவ்வொரு மாதமும் வாங்குபவர் பக்கத்தில் ஒரு கெடு பிறக்கிறது. உச்சவரம்பு எவ்வளவு, கழிவைப் பெற்றால் வேறு நிவாரணம் கேட்க முடியுமா என்பவையும் அதே வரிசையில் சேர வேண்டும்.

பெரிய தொகை அபராதங்களுக்கு 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 74 குறுக்கே நிற்கிறது. எழுதப்பட்ட தொகை உச்சவரம்புதான். கிடைப்பது அதற்கு மிகாத நியாயமான இழப்பீடு. நட்டத்தை நிரூபிக்கக்கூடிய இடத்தில் நிரூபிக்கத்தான் வேண்டும் என்பதை 2015இல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. எனவே அபராத வரிசையில் சான்று எது, யாரிடம் இருக்கிறது என்ற கட்டமும் தேவை.

நம்பிக்கை: 60 நாள் தவணை என்றால் 60 நாள் அவகாசம்.

எந்த நாளிலிருந்து என்பதே முதல் கேள்வி: இன்வாய்ஸ் தேதியா, அது கையில் வந்த நாளா, வேலையை ஏற்றுக்கொண்ட நாளா? பணி ஆணையில் வேறு தவணை இருந்தால், ஆவணங்களின் முன்னுரிமை ஷரத்தைப் பார்த்தே எதை எழுதுவது என்று முடிவு செய்ய வேண்டும்.

சேவை தருபவர் பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால் ஒப்பந்தமே தோற்கும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், பிரிவு 15இன்படி ஒப்புக்கொண்ட தவணை 45 நாட்களைத் தாண்ட முடியாது. சேவை முடிந்த 15 நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் இல்லையென்றால், சேவை தந்த நாளே ஏற்ற நாள். வேலை 2026 ஜனவரி 31இல் முடிந்து, இன்வாய்ஸ் பிப்ரவரி 10இல் வந்தது என்றால், ஒப்பந்தக் கணக்கில் கெடு ஏப்ரல் 11. சட்டக் கணக்கில் மார்ச் 17. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாந்தரக் கூட்டு வட்டியாக ஏறும். நடுத்தர நிறுவனங்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே தவணை வரிசையில் எதிர்த்தரப்பின் வகையையும் குறிக்க வேண்டும். அந்த வகை ஆண்டுக்காண்டு மாறக்கூடும்.

நம்பிக்கை: ஒருமுறை தயாரித்தால் போதும்.

திருத்த ஒப்பந்தம் ஒன்று காலத்தையோ தவணையையோ மாற்றினால், பழைய வரிசையை அழிக்காமல் காலாவதி என்று குறித்து, புதியதைத் திருத்தத்தின் தேதியோடு கீழே சேர்ப்பதே நடைமுறை. திருத்தத்துக்கு முன் எழுந்த கோரிக்கைகளுக்குப் பழைய வாசகமே பொருந்தக்கூடும்.