கடைசி வரிசைக்கும் எட்டும் எழுத்து

அறிவியல் கழக மாணவர்கள் பள்ளி மண்டபத்தில் டெங்கிக் காய்ச்சலின் அறிகுறிகளை விளக்கவிருந்தனர். திரையின் உயரம் 2 மீட்டர். கடைசி வரிசை இருப்பதோ 20 மீட்டர் தொலைவில். அதாவது, திரை உயரத்தைப்போல் பத்து மடங்கு தொலைவு.

அவர்களின் மடிக்கணினித் திரை ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் உயரமுடையது. எனவே, படவில்லையை முழுத்திரையில் வைத்து, 2 மீட்டர் தள்ளி நின்று படித்தனர். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் எழுத்து அதே அளவில்தான் தெரியும். 18 புள்ளி அளவில் 'ண', 'ன' ஆகியவற்றின் சுழிகள் கலந்து மங்கின. 32 புள்ளியில் தெளிவாயின. எழுத்து பெரிதானதால் இடம் போதவில்லை. ஆகவே, அறிகுறிகளை இரண்டு படவில்லைகளாகப் பிரித்தனர்.

அடுத்தது நிறம். படவீழ்த்தியால் கருமையை உண்டாக்க இயலாது. ஒளி படாத இடமே கருமையாகத் தோன்றும். மண்டப விளக்கொளி திரையில் பட்டால் அக்கருமை சாம்பல் நிறமாகிவிடும். அதனால், கறுப்புப் பின்னணியில் இருந்த சிவப்பு எழுத்துகள் மங்கிப்போயின. மாணவர்கள் வெள்ளைப் பின்னணியில் அடர்நீல எழுத்தைத் தேர்ந்தெடுத்தனர். பிறகு, படவில்லையைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தனர். அப்போதும் எழுத்து பளிச்சென்று தெரிந்தது.