டேட்டா என்ட்ரி கட்டுப்படியாகுமா? கணக்குப் போட்டுப் பார்க்கும் வழிகாட்டி

முதலில் என்ன செய்வது?

ஒரு படிவத்துக்கு இரண்டு ரூபாய் என்று வேலை வருகிறது. ஒப்புக்கொள்வதற்கு முன் நூறு படிவம் மட்டும் வாங்கிச் செய்து பார்ப்போம். ஃபைலைத் திறந்ததிலிருந்து கடைசித் திருத்தம் வரை ஆகும் நேரம் முழுவதையும் எழுதி வைக்க வேண்டும்.

எவ்வளவு மிஞ்சும்?

தட்டச்சுக்கு நான்கு மணி நேரம், சரிபார்க்க ஒன்று, இறக்கி அனுப்பவும் திரும்பி வந்ததைத் திருத்தவும் ஒன்று என்று வைப்போம். மொத்தம் ஆறு மணி நேரம். ஐந்து படிவம் கழிந்தால் கையில் வருவது 190 ரூபாய். இணையத்துக்கும் மின்சாரத்துக்கும் பத்து ரூபாய் போனால், மணிக்கு 30 ரூபாய்.

வேகம் கூடினால் சரியாகிவிடும் என்று தோன்றும். தட்டச்சு வேகம் இரட்டிப்பானாலும் மற்ற இரண்டு மணி நேரம் குறையாது. நான்கு மணி நேரத்துக்கு 180 என்றால் மணிக்கு 45தான். அதனால் இதைக் கை பழக ஓரிரு மாதம் செய்யலாம், அதற்கு மேல் வேண்டாம் என்பதே என் கருத்து.

எச்சரிக்கை

பதிவுக் கட்டணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுவோம். இன்னொரு வகை மோசடியில் முதலில் பணம் கேட்க மாட்டார்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். வேலை முடிந்ததும் 'துல்லியம் போதவில்லை, அபராதம் கட்டுங்கள்' என்று வக்கீல் நோட்டீஸ் போல ஒன்று வரும். பயந்து பணம் அனுப்ப வேண்டாம். பணம் போயிருந்தால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும்.

அடுத்த படி எது?

பார்த்து அடிப்பதிலிருந்து ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு நகர்வோம். ஆடிட்டர் அலுவலகங்களில் ஜிஎஸ்டி கொள்முதல் ஒப்பீடு என்று ஒரு வேலை உண்டு. சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்கள் GSTR-2B பட்டியலாக மாதம் 14-ஆம் தேதி வரும். அதைக் கடையின் கொள்முதல் கணக்கோடு பொருத்த வேண்டும். விடுபட்ட பில்லின் வரியைக் கடைக்காரர் கழித்துக்கொள்ள முடியாது என்பதால் இதற்கு மதிப்பு இருக்கிறது.

எப்படிப் பழகுவது?

எக்செலில் இருபது கற்பனை பில்களைக் கொண்டு இரண்டு ஷீட் தயாரிப்போம்: முதலாவது கடையின் கொள்முதல் கணக்கு, இரண்டாவது GSTR-2B. இரண்டிலும் A-யில் ஜிஎஸ்டி எண், B-யில் பில் எண். இரண்டு ஷீட்டின் C2-விலும் இவற்றைச் சேர்ப்போம்:

```
=A2&"-"&B2
```

முதல் ஷீட்டின் D2-வில் தேடுவோம்:

```
=COUNTIF(Sheet2!C:C,C2)
```

இரண்டையும் கீழே இழுத்து நிரப்பலாம். D-யில் 0 வந்தால் அந்த பில் எதிர்ப்பக்கத்தில் இல்லை. ஆனால் 0 வந்த பில்லெல்லாம் விடுபட்டதல்ல. ஒரு பக்கம் '0045', மறுபக்கம் '45' என்று இருந்தாலும் 0தான் வரும். அதைக் கண்ணால் பார்த்துப் பிரிப்பதுதான் இந்த வேலையின் திறமை. 1 வந்தாலும் வரித்தொகையைத் தனியாக ஒப்பிட வேண்டும்.

டாலியும் தெரிந்திருந்தால் நல்லது. அதன் எஜுகேஷனல் மோடில் காசில்லாமல் பழகலாம்.

எப்போது கேட்பது?

மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு GSTR-3B கெடு 20-ஆம் தேதி. 14-க்கும் 20-க்கும் இடையில் அலுவலகங்களில் ஆள் போதாது. பத்தாம் தேதிவாக்கில், நாம் செய்த மாதிரி ஷீட்டோடு நேரில் போய், அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் வேலை கேட்போம்.