திரும்பி வர வேண்டிய பணம்: எத்தனை நாள் காத்திருப்பது, எப்போது புகார் எழுதுவது?

கடையில் பணம் செலுத்துகிறோம். நமது கணக்கில் பற்று வைக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வருகிறது. கடைக்காரரோ தமக்குப் பணம் வரவில்லை என்கிறார். இணையத்தில் வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்புகிறோம். பணம் அனுப்பப்பட்டுவிட்டது என்று விற்பனையாளர் சொல்கிறார். நமது கணக்கிலோ எதுவும் வரவில்லை. இவ்விரு சூழல்களிலும் வாடிக்கையாளர் கேட்பது ஒரே கேள்விதான்: "என் பணம் எப்போது திரும்பும்?" ஆனால் விடை ஒன்றல்ல. முதலாவது, நிறைவேறாத பரிவர்த்தனை. இரண்டாவது, நிறைவேறிய பரிவர்த்தனைக்குப் பின் விற்பனையாளர் தரும் பணத்திருப்பம். இரண்டுக்கும் காலக்கணக்கு வேறு, பொறுப்பாளர் வேறு, புகார் செல்ல வேண்டிய இடமும் வேறு. இந்த வேறுபாட்டை அறிந்துகொண்டால், தேவையற்ற கவலையையும் தேவையற்ற காத்திருப்பையும் ஒருசேரத் தவிர்க்கலாம்.

நிறைவேறாத பரிவர்த்தனை

நமது கணக்கிலிருந்து பணம் கழிக்கப்பட்டு, சேர வேண்டிய இடத்தில் அது சேராமலோ, சேர்ந்ததற்கான உறுதிச்செய்தி கிடைக்காமலோ போனால், அதற்கு நாம் காரணமல்லாதபோது, அதனை நிறைவேறாத பரிவர்த்தனை என்கிறோம். தொடர்பு அறுந்துபோதல், ஏடிஎம் இயந்திரத்தில் பணம் இல்லாமை, இடைப்பட்ட நேரத்தில் செய்தி தொலைந்துபோதல் ஆகியன வழக்கமான காரணங்கள்.

இத்தகைய பணம் எத்தனை நாளில் திரும்ப வேண்டும் என்பதை வங்கிகளின் விருப்பத்துக்கு விடாமல், இந்திய ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையில் வரையறுத்தது. அவ்வாண்டு அக்டோபர் 15 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதில் T என்பது பரிவர்த்தனை நடந்த நாளைக் குறிக்கும். அது நாட்காட்டி நாள். எனவே ஞாயிறும் விடுமுறை நாள்களும் கணக்கில் சேரும். வாடிக்கையாளர்கள் நினைவில் கொள்ள வேண்டிய கெடுக்கள் இரண்டே.

ஒரு நாள் கெடு, அதாவது T+1: ஒருவர் மற்றொருவருக்கு யூபிஐ அல்லது ஐஎம்பிஎஸ் வழியாக அனுப்பிய பணம் பெறுநர் கணக்கில் சேராவிட்டால், மறுநாளுக்குள் அது அனுப்பியவருக்குத் திரும்ப வேண்டும். ஒரே நிறுவனத்தின் மின்பணப்பைக்குள் நடக்கும் பரிமாற்றங்களுக்கும் இதே கெடுதான்.

ஐந்து நாள் கெடு, அதாவது T+5: ஏடிஎம்மில் கணக்கில் பற்று விழுந்து பணம் வெளிவராதது, கடையில் அட்டையைப் பயன்படுத்தியும் ரசீது வராதது, இணையக் கடையில் அட்டையால் செலுத்தியும் உறுதிச்செய்தி கிடைக்காதது, யூபிஐ மூலம் வணிகருக்குச் செலுத்தியும் அவருக்கு உறுதிச்செய்தி வராதது ஆகியவற்றுக்கு இக்கெடு பொருந்தும். மின்பணப்பையிலிருந்து யூபிஐ அல்லது அட்டைக் கட்டமைப்பு வழியாக வெளியே செலுத்தினால், அந்தக் கட்டமைப்புக்கு உரிய கெடுவே செல்லும்.

கெடு கடந்தால், கடந்த ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 வீதம் இழப்பீடு வாடிக்கையாளருக்கு உரியது. வாடிக்கையாளர் கேட்கும்வரை காத்திராமல் அது தானாகவே வரவு வைக்கப்பட வேண்டும் என்பதும் விதி. உள்நாட்டுப் பரிவர்த்தனைகளுக்கு மட்டுமே இது பொருந்தும். வெளிநாட்டு இணையதளத்தில் செலுத்திய பணத்துக்குப் பொருந்தாது.

ஐந்து நாள்கள் எதற்காக?

பணம் ஒரே நொடியில் போகும்போது, திரும்பி வர மட்டும் ஏன் ஐந்து நாள் என்று கேட்பது நியாயமே. உறுதிச்செய்தி தொலைந்த நிலையில், பணம் எங்கே நிற்கிறது என்பது எந்தத் தரப்புக்கும் உடனே தெரியாது. வாடிக்கையாளரின் வங்கி, இடைப்பட்ட பணவழிக் கட்டமைப்பு, வணிகரின் வங்கி ஆகிய மூன்றின் கணக்கேடுகளையும் ஒப்பிட்ட பிறகே அது புலப்படும். ஏடிஎம் நேர்வில், அந்த இயந்திரத்துக்கு உரிய வங்கி இயந்திரப் பதிவேட்டையும் உள்ளே மிஞ்சிய ரொக்கத்தையும் சரிபார்க்க வேண்டும். இந்த ஒப்பீட்டுக்காகவே கெடு அளிக்கப்பட்டுள்ளது. ஒப்பீடு முடிந்ததும், வாடிக்கையாளரின் விண்ணப்பம் இல்லாமலேயே பெரும்பாலான தொகைகள் திரும்பிவிடுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு

மார்ச் 3 அன்று வாடிக்கையாளர் ஒருவர் வீட்டுப் பயன்பாட்டுப் பொருள் விற்கும் கடையில் யூபிஐ மூலம் ரூ.4,850 செலுத்துகிறார் எனக் கொள்வோம். கணக்கில் பற்று விழுகிறது; கடையின் ஒலிபெருக்கி பேசவில்லை. முதலில் அவர் செய்ய வேண்டியது, யூபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து, 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொள்வதே. அந்த எண்ணைக் கொண்டு கடைக்காரர் தம் கணக்கில் தேடிப் பார்க்கலாம். பணம் அங்கே சேர்ந்திருந்தால் இது நிறைவேறிய பரிவர்த்தனை. ஒலிபெருக்கி மட்டுமே தவறியிருக்கிறது. வாடிக்கையாளர் அவசரத்தில் இரண்டாம் முறையும் செலுத்தியிருந்து, இரண்டும் கடைக்காரருக்குச் சேர்ந்திருந்தால், ஒன்றைத் திருப்பித் தர வேண்டியவர் கடைக்காரரே.

பணம் சேரவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போது T மார்ச் 3. T+5 மார்ச் 8. மார்ச் 8 முடியும்வரை வங்கி கெடுவுக்குள் இருக்கிறது; அதற்கு முன் வரும் புகாருக்குக் 'காத்திருங்கள்' என்பதற்கு மேல் விடை பெரும்பாலும் இராது. மார்ச் 9 அன்றும் வரவில்லையெனில் புகார் நியாயமாகிறது. பணம் மார்ச் 12 அன்று வந்தால் தாமதம் 9, 10, 11, 12 ஆகிய நான்கு நாள்கள். எனவே ரூ.4,850-உடன் ரூ.400 இழப்பீடும் வர வேண்டும். அசல் மட்டும் வந்து இழப்பீடு வராவிட்டால், அதற்கும் புகார் செய்யலாம்.

விற்பனையாளர் தரும் பணத்திருப்பம்

இனி இரண்டாம் வகை. பொருளைத் திருப்பியதற்கும், முன்பதிவை ரத்து செய்ததற்கும் வர வேண்டிய தொகைக்கு மேற்சொன்ன கெடுவும் ரூ.100 இழப்பீடும் பொருந்தா. முதல் பரிவர்த்தனை குறையின்றி நிறைவேறிவிட்டதே காரணம். இங்கே காலம் இரு பகுதிகளாகப் பிரிகிறது. பொருள் கைசேர்ந்து, சரிபார்க்கப்பட்டு, விற்பனையாளர் பணத்தை விடுவிக்கும்வரை ஆவது முதற்பகுதி. அது அவருடைய விற்பனை நிபந்தனைகளைப் பொறுத்தது. விடுவித்த பின் அவருடைய வங்கி, அட்டைக் கட்டமைப்பு, நமது வங்கி என்று தொகை நகர்வது இரண்டாம் பகுதி. அட்டையாயின் இதற்கு வழக்கமாக ஐந்து முதல் ஏழு வேலைநாள்கள் ஆகும். யூபிஐயில் பெரும்பாலும் இதனினும் குறைவு.

'அனுப்பிவிட்டோம்' என்று விற்பனையாளர் சொன்னால், அது மெய்யாகவே அனுப்பப்பட்டதா என்பதை அறிய ஒரு வழி உண்டு. அட்டைக்குத் திருப்பிய தொகைக்கு ஏ.ஆர்.என். எனப்படும் 23 இலக்க எண்ணும், யூபிஐக்குத் திருப்பியதற்கு 12 இலக்க எண்ணும் உருவாகும். அந்த எண்ணைக் கேட்டுப் பெறுங்கள். எண் கிடைத்தால், அதனைக் கொண்டு நமது வங்கி அத்தொகையைத் தேட முடியும். எண்ணைத் தர முடியவில்லையெனில், பணம் இன்னும் அவரிடமே இருக்கிறது என்று கொள்ளலாம். அந்நிலையில் வங்கியைக் குறைகூறிப் பயனில்லை. விற்பனையாளரிடம் எழுத்துமூலம் முறையிட்டு, பயன் இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அணுகலாம். அட்டையால் செலுத்தியிருந்தால், அட்டை வழங்கிய வங்கியிடம் சார்ஜ்பேக் எனப்படும் தகராறுக் கோரிக்கையும் அளிக்கலாம். அதற்கும் கால வரம்பு உண்டு என்பதால், விற்பனையாளரின் வாக்குறுதிகளை நம்பி மாதங்களைக் கடத்த வேண்டாம்.

பணம் எந்த வழியில் சென்றதோ அந்த வழியிலேயே திரும்பும் என்பது பொது நெறி. கடன் அட்டையில் செலுத்தியதைச் சேமிப்புக் கணக்கில் தேடினால் கிடைக்காது. விற்பனையாளரின் மின்பணப்பையில் பெற்றுக்கொள்ள நாமே இசைந்திருந்தால், தொகை அங்கே சேர்ந்திருக்கும். அதனையும் பார்த்துக்கொள்வது நல்லது.

முறையான புகாரின் படிகள்

கெடு கடந்ததும் வங்கியிடம் எழுத்துமூலம் அல்லது வங்கியின் செயலி, இணையதளம் வாயிலாகப் புகாரைப் பதிவு செய்யுங்கள். பரிவர்த்தனை நாள், நேரம், தொகை, பரிவர்த்தனை எண், ஏடிஎம் ஆயின் அது அமைந்துள்ள இடம் ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். ஏடிஎம் மற்றொரு வங்கிக்கு உரியதாயினும், புகாரை அட்டை வழங்கிய நமது வங்கியிடமே அளிக்க வேண்டும். மின்பணப்பையாயின் அதனை வழங்கிய நிறுவனத்திடம் அளிக்க வேண்டும். புகார் எண்ணைப் பெறாமல் வெளியேற வேண்டாம். தொலைபேசியில் பேசியதும் கிளையில் வாய்மொழியாகச் சொன்னதும் பின்னர் சான்றாக நிற்பது கடினம்.

அந்தப் புகார் எண்ணின் நாளிலிருந்து இன்னொரு காலக்கணக்கு தொடங்குகிறது. 30 நாள்களில் விடை வராவிட்டாலோ, வந்த விடை மனநிறைவு தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தின்கீழ் cms.rbi.org.in என்ற தளத்தில் கட்டணமின்றி முறையிடலாம். வங்கியிடம் முதலில் புகார் செய்யாமல் நேரே குறைதீர்ப்பாளரை அணுகினால் மனு ஏற்கப்படாது. 30 நாள் முடிந்த பின் முறையிடவும் கால வரம்பு இருப்பதால் தாமதிக்காதீர்கள்.

காத்திருக்கவே கூடாத நேர்வு

நாம் செய்யாத பரிவர்த்தனைக்குப் பற்று விழுந்தால், மேற்கண்ட கெடு எதுவும் பொருந்தாது. உடனே வங்கிக்குத் தெரிவித்து அட்டையை முடக்குங்கள். மோசடியாயின் 1930 என்ற எண்ணிலும் புகார் செய்யுங்கள். பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி யூபிஐ ரகசிய எண்ணையோ ஓடிபியையோ எவரேனும் கேட்டால், அவர் மோசடிக்காரரே. பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை. உதவி எண்ணை இணையத் தேடலில் எடுக்காமல், அட்டையின் பின்புறத்திலோ வங்கியின் அதிகாரபூர்வச் செயலியிலோ உள்ளதை மட்டும் பயன்படுத்துங்கள்.